விடுவிப்பதா, வைத்திருப்பதா? குவாரன்டைன் மெயில்களை அட்மின் ஆராயும் முறை

அலுவலக மெயிலில் ஆபத்து என்று வடிகட்டி சந்தேகித்தவை யாருடைய இன்பாக்ஸுக்கும் போகாமல் தடுத்து வைக்கப்படும் இடம்தான் குவாரன்டைன். அங்கே கிடப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே மோசடி. ஆனால் வாடிக்கையாளர் அனுப்பிய பில், நீதிமன்றத் தேதி குறித்த வக்கீலின் கடிதம், வேலைக்கு விண்ணப்பித்தவரின் பதில் போன்றவையும் சில நேரம் அதே வரிசையில் சிக்கிவிடும். எது எது என்று பிரித்து, எதை விடுவிப்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு அட்மினுடையது.

உலகம் முழுவதும் ஏராளமான நிறுவனங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் 365 மெயில் சேவையை எடுத்துக்கொண்டால் இந்த வேலையைப் படிப்படியாகப் பார்க்க முடியும். கூகுளோ வேறு நிறுவனமோ தரும் சேவையில் திரைகளின் பெயர்கள் மாறும். ஆராயும் முறை பெரிதாக மாறாது.

இந்த வேலையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. முன்னால் இருக்கும் இந்த ஒரு மெயிலை விடுவிக்கலாமா என்பது முதல் முடிவு. இதே அனுப்புநரிடமிருந்து இனி வருபவற்றையும் அனுமதிக்கலாமா என்பது இரண்டாவது. வடிகட்டி செய்த தவறை யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பது மூன்றாவது. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ஒரு மெயிலை விடுவிக்க வேண்டிய இடத்தில் ஒரு டொமைனையே திறந்து விடுவதுதான் அட்மின்கள் செய்யும் தவறுகளில் நீண்ட நாள் பாதிப்பைத் தருவது.

காரணத்தைப் பார்த்த பிறகே மெயிலைப் பார்க்க வேண்டும்

மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் தளத்தில், `security.microsoft.com/quarantine` என்ற முகவரியில், தடுத்து வைக்கப்பட்ட மெயில்கள் ஒரு பட்டியலாக இருக்கும். அனுப்பியவர், பொருள், வந்த நேரம் ஆகியவற்றோடு `Quarantine reason` என்றொரு பத்தியும் அதில் உண்டு. ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஆராயும் விதம் வேறு.

`Bulk` என்றால் விளம்பரம், செய்தி மடல் போல ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பப்பட்டது. `Spam` என்றால் வேண்டாத மெயில் என்று வடிகட்டி கணித்தது. இந்த இரண்டிலும் தவறி விடுவித்தால் தொல்லை அதிகம், ஆபத்து பொதுவாகக் குறைவு. `Phishing` என்பது ஆள்மாறாட்டம் அல்லது பாஸ்வேர்டு திருட்டு என்ற சந்தேகம். `High confidence phishing` என்பது அதே சந்தேகம் வலுவான ஆதாரத்தோடு எழுந்தது. `Malware` என்பது இணைப்பில் தீங்கு செய்யும் நிரல் இருப்பதாகக் கண்டது. இந்தக் கடைசி இரண்டையும் சாதாரண ஊழியர் தாமே விடுவித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. நிறுவனம் எந்த அமைப்பை வைத்திருந்தாலும், ஊழியரால் அதிகபட்சம் விடுவிக்கக் கோரிக்கைதான் வைக்க முடியும். விடுவிக்கும் அதிகாரம் அட்மினிடம் மட்டுமே இருக்கிறது.

`Transport rule` என்று இருந்தால் கதை முற்றிலும் வேறு. அந்த மெயிலை மைக்ரோசாஃப்டின் வடிகட்டி சந்தேகிக்கவில்லை. நிறுவனமே எழுதி வைத்த ஏதோ ஒரு விதி பிடித்திருக்கிறது. பாஸ்வேர்டு போட்ட கோப்புகளை எல்லாம் நிறுத்து என்று இரண்டு வருடத்துக்கு முன் யாரோ எழுதிய விதி, இன்று வங்கி அனுப்பும் மாதாந்திரக் கணக்கு அறிக்கையையும் நிறுத்திக்கொண்டிருக்கலாம். இந்தத் தவறை மைக்ரோசாஃப்டிடம் புகார் செய்து பயனில்லை. திருத்த வேண்டியது அந்த விதியை. `File type block` என்பதும் இதே வகை. கோப்பின் வகை தடைப் பட்டியலில் இருப்பதால் நிறுத்தப்பட்டிருக்கிறதே தவிர, கோப்புக்குள் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதாக அதற்குப் பொருள் இல்லை.

காரணத்துக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கெடு. ஸ்பேம், ஃபிஷிங் வகை மெயில்கள் எத்தனை நாள் வைக்கப்படும் என்பதை நிறுவனத்தின் கொள்கை தீர்மானிக்கிறது. உச்சவரம்பு 30 நாள். சில அமைப்புகளில் அது 15 நாளாகவே இருக்கும். மால்வேரும் விதிகளால் பிடிபட்டவையும் 30 நாள் இருக்கும். கெடு முடிந்ததும் மெயில் அழிந்துவிடும். அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது. மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் நிறுவனத்தில் சில மெயில்கள் யார் கண்ணிலும் படாமலே போய்விடுவது இதனால்தான். பட்டியலைக் கெடுத் தேதிப்படி அடுக்கி, முடியப்போகிறவற்றை முதலில் பார்ப்பது நல்ல வழக்கம். ஊழியர்கள் வைத்த கோரிக்கைகளை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். ஒருவர் அந்த மெயிலுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்திருக்கும் இடம் அது ஒன்றுதான்.

ஹெடர் சொல்வதும் சொல்லாததும்

மெயிலை ஆராய அதைத் திறக்கத் தேவையில்லை. குவாரன்டைன் திரையிலேயே `Preview message`, `View message headers` என்று இரண்டு வசதிகள் உண்டு. முன்னோட்டத்தில் மெயிலின் வாசகம் தெரியும். ஹெடரில் அது வந்த வழி தெரியும். உள்ளே இருக்கும் லிங்க் எதையும் அட்மின் தன் கணினியில் சொடுக்கிப் பார்க்கக் கூடாது. லிங்க் எந்த டொமைனுக்குப் போகிறது என்பதை எழுத்தில் படித்தாலே போதும்.

ஹெடரில் முதலில் தேட வேண்டிய வரி `Authentication-Results`. அதில் மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். அனுப்பிய சர்வர், மெயிலின் உறையில் உள்ள டொமைனுக்காக அனுப்ப அனுமதி பெற்றதா என்பதைப் பார்ப்பது எஸ்பிஎஃப். மெயிலில் போடப்பட்ட மின்னணுக் கையெழுத்து சரியா, அதைப் போட்டது எந்த டொமைன் என்பதைச் சொல்வது டிகிம். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றாவது, பெறுபவர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று கேட்பது டிமார்க்.

இந்தக் கடைசிக் கேள்விதான் பலரையும் குழப்புவது. எஸ்பிஎஃப்பும் டிகிம்மும் தேறி, டிமார்க் மட்டும் தவறுவது சர்வசாதாரணம். உறையில் ஒரு பெயரும், கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருந்தால் அப்படித்தான் ஆகும். மோசடிக்காரர்கள் செய்வதும் அதுதான். பில் அனுப்பும் சேவை, சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை என்று வெளி நிறுவனங்களை நம்பியிருக்கும் நேர்மையான தொழில்களுக்கும் அதே நிலைதான் வருகிறது. அதனால், டிமார்க் தவறியதை மோசடிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. தேறியதை நேர்மைக்குச் சான்றாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. பின்வரும் இரண்டு மெயில்கள் இதைக் காட்டும். இரண்டும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. தினசரி வேலையில் வருபவற்றின் சாயலில் இருப்பவை.

முதல் மெயில்: சந்தேகத்துக்கு இடமானது, ஆனால் உண்மை

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ரவி என்பவருக்கு, வழக்கமாகச் சரக்கு தரும் `supplier.example` டொமைனிலிருந்து பில் வர வேண்டும். வரவில்லை. குவாரன்டைன் அறிவிப்பைப் பார்த்த அவர் கோரிக்கை வைக்கிறார். அந்த நிறுவனத்தில் ஊழியர்களுக்குத் தரப்பட்டிருப்பது கோரும் உரிமை மட்டுமே. அட்மின் பார்க்கும்போது காரணம் `Phishing`, பிடித்தது ஃபிஷிங் தடுப்புக் கொள்கை. ஹெடரில் இருப்பது இது:

```
Authentication-Results: spf=pass (sender IP is 192.0.2.25)
 smtp.mailfrom=bounce.billing.example; dkim=pass
 header.d=billing.example; dmarc=fail action=none
 header.from=supplier.example; compauth=fail reason=001
```

இதை மேலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும். அனுப்பிய சர்வர் `billing.example` சேவைக்காக அனுப்ப உரிமை பெற்றது, எஸ்பிஎஃப் தேறியது. கையெழுத்தும் அதே சேவையின் கையெழுத்து, அதுவும் தேறியது. ஆனால் ரவியின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் `supplier.example`. இரண்டு தேர்ச்சிகளில் ஒன்றுகூட இந்த டொமைனுக்கு உரியது அல்ல. டிமார்க் தவறியது. `action=none` என்பது, தவறினாலும் எதுவும் செய்ய வேண்டாம் என்று அந்த டொமைனின் உரிமையாளரே தம் டிமார்க் பதிவில் சொல்லி வைத்திருப்பதைக் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அனுப்புநர் யார் என்று உறுதியாகவில்லை என்று முடிவு செய்திருக்கிறது. `compauth=fail reason=001` என்பதன் பொருள் அது. அங்கே 000 என்று இருந்திருந்தால், தவறினால் நிறுத்து அல்லது திருப்பி அனுப்பு என்று டொமைன் உரிமையாளரே கறாராகக் கேட்டிருக்கிறார் என்று பொருள். அப்போது விடுவிப்பதற்கு இன்னும் வலுவான சான்று வேண்டும்.

இதுவரை கிடைத்தது ஒரு கேள்வி: இந்தச் சரக்கு நிறுவனம் உண்மையிலேயே அந்தப் பில் சேவையைப் பயன்படுத்துகிறதா? ஹெடரில் இதற்குப் பதில் இல்லை. அட்மின் இரண்டு இடங்களில் தேடலாம். இதே அனுப்புநரிடமிருந்து முன்பு வந்த, சிக்கல் இல்லாத மெயில்கள் எந்த வழியாக வந்தன என்பது ஒன்று. சென்ற மாதம் வரை அவை நேரடியாக வந்து, இந்த மாதம் திடீரென்று சேவை மாறியிருந்தால் மாற்றத்துக்குக் காரணம் கேட்க வேண்டும். இரண்டாவது, அந்த நிறுவனத்துக்கே போன் செய்வது. கூப்பிட வேண்டியது பழைய ஒப்பந்தத்தில் இருக்கும் எண்ணை. சந்தேகத்துக்குரிய மெயிலில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் மோசடிக்காரரே எடுத்து உறுதி சொல்லிவிடுவார்.

போனில் கணக்காளர், இந்த மாதம் முதல் புதிய சேவை வழியாகப் பில் அனுப்புவதாகச் சொல்கிறார். பில் எண்ணும் தொகையும் ரவியிடம் உள்ள கொள்முதல் உத்தரவோடு பொருந்துகின்றன. வங்கிக் கணக்கு எண் மாறவில்லை. இணைப்பு சாதாரண பிடிஎஃப். இவ்வளவும் சேர்ந்த பிறகு, இந்த மெயிலை விடுவிக்கலாம்.

இரண்டாவது மெயில்: எல்லாம் தேறியது, ஆனால் மோசடி

சில நாள் கழித்து அதே கணக்காளரின் முகவரியிலிருந்து இன்னொரு மெயில் வருகிறது. அதுவும் பிடிபட, ரவி இதற்கும் கோரிக்கை வைக்கிறார். காரணம் `High confidence phishing`. ஹெடரைப் பார்த்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் `supplier.example` டொமைனுக்கே தேறியிருக்கின்றன. அனுபவம் குறைந்த அட்மின் இங்கேதான் ஏமாறுவார். மூன்றும் சரி, தெரிந்த ஆள், போன வாரம்தான் இவருடைய மெயிலை வடிகட்டி தவறாகப் பிடித்தது. இதையும் தவறாகத்தான் பிடித்திருக்கும் என்று எண்ணத் தோன்றும்.

மூன்று சோதனைகளும் சொல்வது, மெயில் அந்த டொமைனிலிருந்து வந்தது என்பதை மட்டுமே. அதை எழுதியது அந்தக் கணக்காளர்தானா என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. அவருடைய பாஸ்வேர்டு திருடப்பட்டு, அவருடைய மெயில் பெட்டியிலிருந்தே மோசடிக்காரர் எழுதினாலும் மூன்றும் தேறும். அதனால் இங்கே வாசகத்தைப் படிக்க வேண்டும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, திருத்திய பில்லை இந்த லிங்க்கில் பார்க்கவும்’ என்கிறது மெயில். லிங்க் போவது, சரக்கு நிறுவனத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு டொமைனுக்கு. பதில் போகும் முகவரி, அதாவது `Reply-To`, `supp1ier.example` என்று இருக்கிறது; எல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண். பதில் எழுதினால் அது உண்மையான கணக்காளருக்குப் போய்ச் சேராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

இதை விடுவிக்கக் கூடாது. ரவியின் கோரிக்கையை `Deny` செய்வதோடு வேலை முடியவும் இல்லை. சரக்கு நிறுவனத்துக்குப் போனில் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய கணக்கு ஒன்று பறிபோயிருக்கிறது, அதே மெயில் அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கும் போயிருக்கும். மெயிலில் பதில் எழுதித் தெரிவித்தால் அது திருடனின் கண்ணில்தான் முதலில் படும். ரவிக்கும் ஏன் மறுக்கப்பட்டது என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் மறுத்தால் அவர், ‘மெயில் வரவில்லை, என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்புங்கள்’ என்று அதே ஆளிடம் கேட்டுவிடுவார்.

ஹெடரில் ஒரு கேள்வி எழுந்தால் அதற்கான பதில் ஹெடருக்கு வெளியே இருக்கிறது என்பதைத்தான் இந்த இரண்டு மெயில்களும் சொல்கின்றன. பணம், வங்கி எண், பாஸ்வேர்டு ஆகிய மூன்றில் ஒன்றைத் தொடும் மெயில் எதையும் போன் செய்து கேட்காமல் விடுவிக்கக் கூடாது.

விடுவிக்கும்போது கவனிக்க வேண்டியவை

`Release email` என்பதை அழுத்தினால் சில கேள்விகள் வரும். மெயில் எத்தனை பேருக்கு வந்ததோ அத்தனை பேருக்கும் விடுவிப்பதா, குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டுமா என்பது முதல் கேள்வி. கேட்டவர் ஒருவர் என்றால் அவருக்கு மட்டும் விடுவிப்பதே சரி. முப்பது பேருக்கு வந்த மெயிலை ஒருவர் கேட்டார் என்பதற்காக முப்பது இன்பாக்ஸிலும் போட்டால், தவறாகிவிட்டால் முப்பது இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

அடுத்தது, இந்த மெயிலை மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பி வடிகட்டியைத் திருத்தச் சொல்லலாமா என்ற கேள்வி. அதோடு சேர்ந்து, இதுபோன்ற மெயில்களை இனியும் அனுமதிக்கலாமா என்றும் ஒரு கட்டம் இருக்கும். முன்னதை டிக் செய்வதில் தயக்கம் வேண்டாம். பின்னதை டிக் செய்யும் முன் நின்று யோசிக்க வேண்டும். அது இந்த ஒரு மெயிலைப் பற்றியது அல்ல, இனி வரப்போகிறவற்றைப் பற்றியது.

நிறைய மெயில்களைக் கையாளும்போது திரையைவிடப் பவர்ஷெல் வசதியாக இருக்கும். ரவியின் மெயிலைக் கண்டுபிடித்து, அவருக்கு மட்டும் விடுவிக்க இரண்டு கட்டளைகள் போதும்:

```
Get-QuarantineMessage -SenderAddress accounts@supplier.example |
  Format-List Identity,QuarantineTypes,PolicyName,Expires

Release-QuarantineMessage -Identity "<Identity>" `
  -User ravi@company.example
```

முதல் கட்டளை காட்டும் அடையாளத்தை அப்படியே இரண்டாவதில் ஒட்ட வேண்டும். தேடலின் முடிவு முழுவதையும் ஒரே வரியில் விடுவிக்கும் கட்டளையோடு இணைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த அனுப்புநரிடமிருந்து வந்த உண்மையான பில்லும் மோசடி மெயிலும் ஒரே தேடலில் கிடைக்கும் என்பதால், மேலே சொன்ன இரண்டு மெயில்களும் சேர்ந்தே வெளியேறிவிடும். ஒவ்வொன்றாக விடுவிப்பதற்கு ஆகும் சில நிமிடம் வீணல்ல.

இனி வருபவற்றை அனுமதிப்பது

ரவிக்கு அடுத்த மாதமும் அதே வழியில் பில் வரும், அதுவும் பிடிபடும். ஆகவே நிலையான தீர்வு வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அந்தத் தீர்வைச் செய்ய வேண்டியவர் அனுப்புகிறவர். சரக்கு நிறுவனம் தன் டிஎன்எஸ் பதிவில் அந்தப் பில் சேவைக்கு உரிய டிகிம் சாவியைச் சேர்த்து, சேவை `supplier.example` பெயரிலேயே கையெழுத்திடும்படி செய்தால் டிமார்க் தேறும். உலகில் யாருக்கு அனுப்பினாலும் சிக்கல் தீரும். அட்மின் அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் மேலே கண்ட ஹெடர் வரிகளையும் சேர்த்தால், அவர்களுடைய தொழில்நுட்ப ஆள் பார்த்ததும் புரிந்துகொள்வார். ‘உங்கள் மெயில் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் எங்கே திருத்துவது என்று அவருக்குத் தெரியாது.

அவர்கள் சரிசெய்யும் வரை தற்காலிக வழி ஒன்று தேவைப்படும். இங்கே பலர் கை வைப்பது ஸ்பேம் கொள்கையில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட டொமைன்களின் பட்டியல். அதில் `supplier.example` என்று எழுதிவிட்டால் பில்கள் வரத் தொடங்கும். அந்தப் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்பும் மெயில்களும் சேர்ந்தே வரத் தொடங்கும். அந்தப் பட்டியல் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் பெயரைத்தான், அது உண்மையா என்பதை அல்ல. வைரஸையும் உறுதியான ஃபிஷிங்கையும் இந்தப் பட்டியலையும் மீறி மைக்ரோசாஃப்ட் தடுத்துவிடும் என்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் லிங்க்கோ இணைப்போ இல்லாமல், வங்கி எண்ணை மாற்றச் சொல்லும் நான்கு வரி மெயில் அந்தத் தடைக்குள் விழாமல் போகலாம். பணத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் அந்த நான்கு வரி மெயில்தான்.

இதற்குப் பதிலாக, `Tenant Allow/Block List` என்ற இடத்தில் ஒரு ஜோடியை அனுமதிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் டொமைன் `supplier.example`, உண்மையில் அனுப்பும் டொமைன் `billing.example`. இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் போலி என்று கருதாதே என்று சொல்வது அது. வேறு எங்கிருந்தாவது அதே பெயரில் வந்தால் வடிகட்டி வழக்கம்போல் பிடிக்கும். இதிலும் ஒரு வரம்பு உண்டு: அந்தப் பில் சேவை, யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அனுப்ப அனுமதிக்கும் சேவையாக இருந்தால் இந்த ஜோடியும் பாதுகாப்பு அல்ல. அதோடு, இந்த வகை அனுமதிக்குக் காலாவதி கிடையாது. நீக்கும் வரை இருக்கும். சரக்கு நிறுவனம் தன் டிஎன்எஸ்ஸைத் திருத்திய அன்றே நீக்கிவிட வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளாவிட்டால், அடுத்த அட்மின் காலத்திலும் காரணம் தெரியாமல் அது அங்கேயே கிடக்கும்.

வடிகட்டியின் தவறைத் தெரிவிப்பது

வடிகட்டி இரண்டு விதமாகத் தவறும். நல்லதைப் பிடித்து வைப்பது ஒன்று, கெட்டதை விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டையும் தெரிவிக்க வேண்டிய இடம் டிஃபெண்டர் தளத்தில் உள்ள `Submissions` பக்கம். அட்மின் அங்கே மெயிலை அனுப்பும்போது தம் கருத்தையும் சொல்ல வேண்டும். `I've confirmed it's clean` என்பது சரிபார்த்துவிட்டேன் என்பதற்கு. `It appears clean` என்பது சரியானது போலத் தோன்றுகிறது, ஆனால் உறுதியில்லை என்பதற்கு. கெட்ட மெயிலுக்கும் இதேபோல் இரண்டு நிலைகள் உண்டு. போன் செய்து கேட்காத மெயிலை, சரிபார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பக் கூடாது. அனுமதிக்கும் விதியை உருவாக்கும் வாய்ப்பு அந்தப் பதிலோடுதான் வருகிறது. அப்படி உருவாகும் அனுமதி பெரும்பாலும், கடைசியாகப் பயன்பட்டதிலிருந்து 45 நாள் வரை இருக்கும்படி அமைந்திருக்கும். தேவை ஒரு வாரம்தான் என்றால் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

அனுப்பியதற்குப் பதில் அதே பக்கத்தில் வரும். அனுப்புநரின் அடையாளச் சோதனை தேறியதா, நிறுவனத்தின் சொந்த விதி ஏதாவது குறுக்கிட்டதா, இணைப்பையும் லிங்க்கையும் மறுபடி சோதித்ததில் என்ன தெரிந்தது என்று அதில் இருக்கும். சொந்த விதி குறுக்கிட்டது என்று வந்தால் கவனமாகப் படிக்க வேண்டும். வடிகட்டி கெட்டது என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கும். நிறுவனம் முன்பு எழுதிய அனுமதி அதை உள்ளே விட்டிருக்கும். தவறு எங்கே என்று காட்டும் அந்த ஒரு வரிக்காகவே பதிலைத் தேடிப் பார்க்க வேண்டும். அனுப்பிவிட்டு மறந்துவிடுகிற அட்மினுக்கு அது தெரியவே தெரியாது.

அட்மினின் தவறைத் தெரிவிப்பது

மோசடி மெயிலை அட்மினே விடுவித்துவிட்டார், அது ஒரு மணி நேரம் கழித்துத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது முதலில் செய்ய வேண்டியது பெற்றவருக்குப் போன் செய்வது: லிங்க்கை அழுத்தினீர்களா, பாஸ்வேர்டு கொடுத்தீர்களா, பணம் அனுப்பினீர்களா, யாருக்காவது மெயிலை அனுப்பினீர்களா? திட்டும் தொனி வந்தால் உண்மையான பதில் வராது. விடுவித்தது அலுவலகம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் தயங்காமல் பேசுவார்.

பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அதை மாற்றுவது மட்டும் போதாது. ஏற்கெனவே திறந்திருக்கும் நுழைவுகளையும் முறிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்தவர் பழைய நுழைவிலேயே தொடர்வார். பிறகு அந்த மெயில் பெட்டியில் புதிதாக ஏதாவது விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பில்’, ‘பணம்’ போன்ற சொற்கள் வரும் மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பியோ, கண்ணில் படாத கோப்புறைக்கு ஒதுக்கியோ வைப்பது இந்த மோசடியின் வழக்கமான அடுத்த படி. விடுவித்த மெயிலை எல்லா இன்பாக்ஸிலிருந்தும் நீக்கி, அதை ஃபிஷிங் என்று `Submissions` பக்கத்தில் அனுப்பி, அந்த நேரத்தில் உருவாக்கிய அனுமதி ஏதாவது இருந்தால் அதையும் நீக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி விட்டுப்போவது. மெயில் போய்விடும், கதவு திறந்தே இருக்கும்.

பணம் போயிருந்தால் நேரம் மிக முக்கியம். இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் வங்கியையும் உடனே அழைக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சிஇஆர்டி-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு சொல்கிறது. ஃபிஷிங் தாக்குதலும் அதில் பட்டியலிடப்பட்ட சம்பவங்களில் ஒன்று. அந்த 6 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று பின்னால் கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லக்கூடியது அட்மின் எழுதி வைக்கும் குறிப்பு மட்டுமே.

அந்தக் குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. எந்த மெயில், யார் கேட்டார், எந்தக் காரணத்தால் பிடிபட்டது, எதைப் பார்த்து விடுவிக்கப்பட்டது, யாரிடம் போனில் கேட்கப்பட்டது, எப்போது தவறு தெரிந்தது, என்ன செய்யப்பட்டது என்று ஏழெட்டு வரி போதும். யார் எப்போது விடுவித்தார் என்பதை மைக்ரோசாஃப்டின் தணிக்கைப் பதிவும் வைத்திருக்கும். ஏன் விடுவித்தார் என்பது அதில் இருக்காது. அதை எழுதக்கூடியவர் அட்மின் ஒருவரே.

விடுவித்த மெயில்களுக்கும் மறுத்த மெயில்களுக்கும் இதே குறிப்பை ஒரு வரியிலாவது எழுதி வைத்தால், மாதக் கடைசியில் அவற்றைப் படிக்கும்போது ஒரே அனுப்புநர் நான்கு முறை வருவது தெரியும், பழைய விதி ஒன்று திரும்பத் திரும்ப நல்ல மெயிலைப் பிடிப்பது தெரியும். அந்த இரண்டையும் சரிசெய்தாலே அடுத்த மாதத்துக் கோரிக்கைகளில் ஒரு பகுதி வராமல் போகும். மெயிலை ஒவ்வொன்றாக விடுவியுங்கள், அனுமதியைத் தேதி குறித்துத் தாருங்கள், காரணத்தை அன்றே எழுதிவிடுங்கள்: குவாரன்டைனைப் பார்க்கும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்பதற்கு இருப்பது இந்த மூன்றுதான்.